இரண்டு மாதத்தில் முடிகிற ஆய்வு

"பாலக்காட்டில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். அமெரிக்க ரெசிடென்சியை நினைத்து, ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். என்ற மாணவர் குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்குச் சர்க்கரை மருந்தின் பலனை ஆராயலாமா?"

வேண்டாம் தம்பி. எஸ்.டி.எஸ். இரண்டே மாதம், மருந்தின் பலனை அளக்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையோ ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. மாற்றம் தெரியும் முன்பே காலம் முடிந்துவிடும்.

அதற்குப் பதில் சர்க்கரை நோயாளிகள் வரும் ஓ.பி.யில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஒருமுறை கேள்வித்தாள் வைத்துக் கேளுங்கள். பாதிப் பேர் தவறவிடுவதாக வைத்து, பிழை 10 சதவீதம் வரை அனுமதித்தால், எத்தனை பேர் தேவை என்று சொல்லும் 4pq/d² கணக்கில் 100 பேர் போதும். வாரம் நான்கு நாள், எட்டு வாரம்: நாளுக்கு மூன்று நான்கு பேர்தான்.

உங்கள் ஊரில் சறுக்குவது ஒப்புதல் படிவத்தில். தமிழ் பேசும் நோயாளிகளும் வருவார்கள் என்பதால், மலையாளத்தோடு தமிழையும் சேர்த்தே நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள். பிறகு சேர்த்தால் மறுபடி அனுமதி வாங்கணும். அனுமதிக்கு முன் சேர்த்த தரவை நல்ல இதழ்கள் ஏற்காது.

நீட் பி.ஜி.க்கு இதனால் மதிப்பெண் கிடையாது, அது வேறு கதை.