ஜூலையில் சேர்ந்தவருக்கு மட்டும் லீவு ஏன் குறைகிறது?

கேள்வி: எங்கள் ஆபீஸ் எச்ஆர் செயலியில் வருட நடுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் லீவு பாக்கி குறைவாகக் காட்டுகிறது. ஜனவரியில் இருந்தே இருப்பவர்களுக்குச் சரியாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பதில்: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் சம்பளக் கணக்கையும் அதற்கான செயலியையும் பார்த்துக்கொள்பவன் நான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மாத விகிதம் இரண்டு முறை கழிகிறது என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 1 சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடம் நிறையாதவருக்குக் குறைந்தது வருடத்துக்கு 8 நாள். டிசம்பர் முடிய அவருக்கு ஆறு மாதம், ஆக 4 நாள். செயலி 2 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஆளைப் பதியும்போதே 8-ஐ 4 ஆக்கி வைத்துவிடுகிறது. அப்புறம் மாதக் கடைசியில் ஓடும் கணக்கு, அந்த 4-ஐ முழு வருட லீவு என்று நினைத்து மறுபடி பன்னிரண்டால் வகுக்கிறது. அக்டோபர் 1 சேர்ந்தவருக்கு 2 நாள் வர வேண்டிய இடத்தில் அரை நாள்தான் வரும். ஜனவரி ஆட்களுக்கு 12/12 என்பதால் எத்தனை முறை பெருக்கினாலும் தப்பு தெரியாது. சோதிப்பவர்களும் பெரும்பாலும் ஜனவரி 1 என்றுதானே தேதி போடுகிறார்கள்!

```python
# தவறு
annual = 8 * months_left / 12
earned = annual / 12 * months_done

# சரி
earned = 8 * months_done / 12
```

அட்டவணையில் முழு 8 இருக்கட்டும், விகிதம் ஒரே இடத்தில் நடக்கட்டும். `months_done` முழுதாக முடிந்த மாதங்கள் மட்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஜூலை 16 சேர்ந்தவருக்கு டிசம்பர் 31 வரை ஐந்துதான்.

முழு எண்ணாக்குவதையும் கடைசியில் ஒரு தடவை மட்டும் செய்யுங்கள். சட்டப்படி அரை நாளுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம், அரையோ அதற்கு மேலோ என்றால் ஒரு நாள். பைதானில் இங்கே ஒரு வம்பு இருக்கிறது. உங்கள் கம்பெனி 14 நாள் கொடுக்கிறது, ஒருவர் ஏப்ரல் 1 சேர்ந்தார் என்றால் ஒன்பது மாதத்துக்கு 10.5 வரும். `round(10.5)` கொடுப்பது 10. வர வேண்டியதோ 11. `math.floor(x + 0.5)` போட்டால் சரியாகிவிடும்.

பழைய பாக்கியை நேரடியாக மாற்றி எழுதாதீர்கள். வித்தியாசத்தைத் தனி வரியாக, காரணத்தோடு சேருங்கள். லீவு இல்லை என்று சொல்லித் தீபாவளிக்குச் சம்பளம் பிடிக்கப்பட்ட ஆட்கள் இருப்பார்கள், அந்தக் காசை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுக்கு மீதி லீவுக்குக் கொடுத்த பணமும் குறைந்திருக்கும். அவர்கள் பெயர் இப்போதைய பட்டியலில் வராது, தனியாகத் தேடி எடுங்கள்.