ட்ரையல் முடிந்த பிறகு கேன்சல் செய்தால் அட்வான்ஸ் யாருக்கு?

"நான் மணப்பெண் மேக்கப் செய்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பே 30 சதவீதம் அட்வான்ஸ் வாங்கினேன். ட்ரையலும் இலவசமாகச் செய்து கொடுத்தேன். இப்போது 22 நாள் இருக்கும்போது, 'ட்ரையல் பிடிக்கவில்லை, வேறு ஆள் பார்த்துவிட்டோம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்' என்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கொடுக்கத்தான் வேண்டுமா? இனிமேல் என்ன நிபந்தனை எழுதி வைப்பது?"

முழுதும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காசும் தர மாட்டேன் என்று நிற்கவும் உங்களுக்குப் பிடிமானம் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு நிபந்தனையை நீங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாதபோது நியாயமாகக் கேட்க முடிந்தது ஒன்றுதான்: இந்தக் கேன்சலால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

கணக்கு எளிதாக இருக்க, மொத்தக் கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது 30. அந்தத் தேதிக்கு வேறொரு மணப்பெண் அதே கட்டணத்தில் கிடைத்துவிட்டால், உங்கள் நஷ்டம் ட்ரையலுக்குச் செலவான நேரமும் பொருளும் மட்டும். அது 10 பங்கு என்றால் மீதி 20-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாருமே கிடைக்கவில்லை என்றால், பொருள் செலவும் உதவியாளர் கூலியும் மிச்சமானதைக் கழித்த பிறகும் நஷ்டம் 30-ஐத் தாண்டும். அப்போது முழுதையும் வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட நிலையும் உண்டு: ஒரு சின்ன விசேஷ மேக்கப் மட்டும் வந்து 40 பங்கு கிடைக்கிறது. மணப்பெண் மேக்கப்பில் செலவு போக உங்களுக்கு 75 நின்றிருக்கும், இதில் 30 நிற்கிறது. நஷ்டம் 45. அப்போதும் அந்த 30 உங்களுடையதுதான்.

இந்தக் கணக்கு நிற்க ஆதாரம் வேண்டும். அதே தேதிக்குக் கேட்டு நீங்கள் "அன்று வேறு வேலை இருக்கிறது" என்று மறுத்தவர்களின் செய்திகள் போனில் இருக்கும். அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இனி வரப்போகும் புக்கிங்குக்கு வருவோம். சண்டையின் வேர் 'அட்வான்ஸ்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அட்வான்ஸ் என்றால் வேலைக்கான கூலியில் ஒரு பகுதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வேலை நடக்கவில்லை, அப்புறம் கூலி எதற்கு என்று கேட்பது அவர்களுக்கு நியாயமாகத்தான் படும். நீங்கள் விற்றது தேதியை. அந்தக் காலை நேரத்தை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். அதனால் 'தேதி ஒதுக்கும் கட்டணம்' என்றே எழுதுங்கள். வேலை நடந்தால் மொத்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும் என்றும் சேர்த்து எழுதுங்கள். 25 முதல் 30 சதவீதம் போதும். பாதிக்கு மேல் வாங்கிவிட்டு 'திருப்பித் தரப்படாது' என்று எழுதினால் அது அபராதம் போலத் தெரியும், தகராறு வெளியே போனால் நிற்காமல் போகலாம்.

நிபந்தனை எப்போது போகிறது என்பதும் முக்கியம். முதலில் நிபந்தனை, அடுத்து "படித்தேன், சம்மதம்" என்று மணப்பெண்ணின் பதில், அதற்குப் பிறகுதான் கணக்கு எண். பணம் வந்த பிறகு அனுப்பிய நிபந்தனையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது.

ட்ரையலை இலவசமாகச் செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை அது. உங்களைப் பற்றி இன்னும் முடிவு செய்யாதவர்கள் பணம் கட்டி முதலில் ட்ரையல் பார்க்கட்டும். அவர்களுக்குத் தேதி ஒதுக்க வேண்டாம், ட்ரையலுக்குப் பிறகு மூன்று நாள் மட்டும் காத்திருக்கலாம். தேதி ஒதுக்கியவர்களுக்குச் செய்யும் ட்ரையல் வேறு. அது தோற்றத்தை முடிவு செய்ய. உங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்க அல்ல. இந்த வித்தியாசத்தை நிபந்தனையில் ஒரு வரியில் எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது.

இரண்டாவது வகை ட்ரையலைக் கல்யாணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் வையுங்கள். அதற்கு முன் என்றால் தோலின் நிறமும் முடியும் மாறிவிடலாம். அதற்குப் பின் என்றால் ஏதாவது கோளாறானால் இருவருக்குமே நேரம் இருக்காது. ட்ரையலுக்கு இரண்டு நாள் முன்பே ஒட்டு இமைப் பசையையும் ஃபவுண்டேஷனையும் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'பிடிக்கவில்லை' என்ற பேச்சு பெரும்பாலும் அன்று இரவு எடுத்த ஒரு போட்டோவில் தொடங்குகிறது. என்னிடம் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்து போனார். இரவு பத்து மணிக்கு, முகம் மட்டும் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்து, கழுத்து தனியாகத் தெரிகிற ஒரு படத்தை அனுப்பினார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். நான் கடைசியாகப் போட்ட சிலிக்கா பவுடரும், அவர் காலையில் பூசி வந்த ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்திருந்தன. பவுடரை மாற்றி, சன்ஸ்கிரீன் இல்லாமல் வரச் சொல்லி அதே ஃபவுண்டேஷனைப் போட்டேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, ஃபிளாஷில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன். பயன்படுத்திய பொருளின் பெயர், ஷேட் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி அவரிடமும் ஒரு பிரதி கொடுக்கிறேன். மேக்கப்பை ஐந்தாறு மணி நேரம் கலைக்காமல் வைத்திருந்து, மாற்ற வேண்டியதை இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து வருகிற 'பிடிக்கவில்லை'க்கு அந்தத் தாளும் படங்களும்தான் பதில் சொல்லும்.

கேன்சலுக்கு விதி சுருக்கமாக இருக்கட்டும். 30 நாளுக்கு முன் சொன்னால் தேதி ஒதுக்கும் கட்டணம் மட்டும் போகும். அதற்குப் பிறகு என்றால் மொத்தத்தில் பாதி வரை, தேதி மறுபடி நிரம்பினால் அந்த அளவு குறைத்து. நீங்கள் வர முடியாமல் போனால் வாங்கியது அத்தனையும் திரும்பிப் போக வேண்டும். மாற்று ஆளை அனுப்புவது மணப்பெண் சம்மதித்தால் மட்டும்.

தேதி மாற்றத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேன்சலே இந்த வேஷத்தில்தான் அதிகம் வருகிறது. "கல்யாணம் தள்ளிப்போகிறது, தேதி அப்புறம் சொல்கிறோம்" என்பார்கள். வீட்டில் ஒரு துக்கம் என்றால் நமக்கும் மனசு கேட்காது, சரி என்று விடுவோம். எட்டு மாதம் கழித்து வந்து பழைய விலையில், நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நாளைக் கேட்பார்கள். முடியாது என்றால் அட்வான்ஸைக் கேட்பார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. தள்ளிப்போகிறது என்று சொல்லும் அதே செய்தியில் புதுத் தேதியும் இருந்தால் அது தேதி மாற்றம். இல்லையென்றால் அது கேன்சல். ஆனால் கட்டிய தொகை ஆறு மாதம் அவர்கள் பெயரில் இருக்கும். தேதி மாற்றம் ஒரு முறைதான், 30 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், புதுத் தேதியில் நான் காலியாக இருக்க வேண்டும், புதுத் தேதியில் என்ன கட்டணமோ அதுதான். துக்க வீடு என்றால் அந்த 30 நாள் நிபந்தனையை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதை விடுவதில்லை, ஏனென்றால் காலியாகிப் போன அந்தப் பழைய நாள் எனக்குத் திரும்பி வராது.

இடைத்தரகர்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர் "தேதி உறுதி, போட்டுக்கொள்ளுங்கள்" என்று போனில் சொன்னதை நம்பி நான் வேறு இரண்டு பேரை மறுத்தேன். ஒரு வாரம் முன்னால் மணப்பெண்ணின் அம்மாவிடம் பேசினால், அவர்கள் அட்வான்ஸை அந்த ஏற்பாட்டாளரிடம் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு பைசா வரவில்லை. என் பெயரில் இலவச ட்ரையல் என்றும் அவரே சொல்லி வைத்திருந்தார். பணம் உங்கள் கணக்கில் விழுந்து, மணப்பெண்ணே உங்களுக்கு நேராகச் சம்மதம் எழுதினால்தான் தேதி உறுதி. ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது.

இன்னொரு பொறி, புதியவர்கள் அடிக்கடி விழுவது. முன்பின் தெரியாதவர் வெளியூரிலிருந்து எழுதுவார். மணப்பெண்ணோடு ஆறேழு பேருக்கு மேக்கப் என்பார், விலையே பேச மாட்டார். கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு, மிச்சத்தை "எங்கள் டிரைவருக்கு" அனுப்பச் சொல்வார். நீங்கள் அனுப்பிய பிறகு அவர் அனுப்பிய காசோலையோ கார்டு பணமோ செல்லாமல் திரும்பிவிடும். போனது உங்கள் பணம். அதிகமாக வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

கார்டில் வாங்கும் அட்வான்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டியவர் தன் வங்கியில் முறையிட்டாலே, பணம் முதலில் உங்களிடமிருந்து எடுக்கப்படலாம், விசாரணை பிறகு. சில நாளுக்குள் ஆதாரம் அனுப்பு என்று ஒரு படிவம் வரும், அதில் 'தேதி ஒதுக்கியது' என்று குறிக்கப் பெரும்பாலும் கட்டமே இருக்காது. பொருள் அனுப்பிய ரசீது கேட்பார்கள். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் எந்தக் கூரியரில் என்ன அனுப்புவார்? தனியாளாகத் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து இந்த ஏற்பாடுகளை யாரும் செய்யவில்லை, பல வருஷமாக எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. அந்தச் சம்மதச் செய்தியும் ட்ரையல் தாளும் இருந்தால் பதில் எழுதலாம். அட்வான்ஸை மட்டுமாவது வங்கிப் பரிமாற்றமாக வாங்குங்கள்.

நிபந்தனையை இப்படி எழுதி அனுப்பலாம்:

"மொத்தக் கட்டணத்தில் 30 சதவீதம் தேதி ஒதுக்கும் கட்டணம், அது என் கணக்கில் வந்த பிறகே தேதி உறுதி. நீங்கள் கேன்சல் செய்தால் இது திரும்பாது. கல்யாணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் கேன்சல் செய்தால் மொத்தத்தில் பாதி வரை செலுத்த வேண்டும். அந்தத் தேதிக்கு வேறு வேலை கிடைத்தால் அதற்கேற்பக் குறைக்கப்படும். ட்ரையலுக்குத் தனிக் கட்டணம். அது தோற்றத்தை முடிவு செய்வதற்கே. மாற்றங்களை இரண்டு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். தேதி மாற்றம் ஒரு முறை, 30 நாளுக்கு முன், புதுத் தேதியுடன். மீதித் தொகை மேக்கப் தொடங்கும் முன். நான் வர இயலாவிட்டால் வாங்கிய முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்."

இப்போதைய மணப்பெண் வீட்டுக்கு இன்றைக்கே எழுதுங்கள்: "தேதியை மறுபடி திறந்துவிட்டேன். வேறு வேலை கிடைத்தால் ட்ரையலும் என் நஷ்டமும் போக மீதியை, உங்கள் கல்யாணத் தேதிக்கு மறுநாள் அனுப்புகிறேன். கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது." அனுப்பிய கையோடு, அதே தேதிக்குக் கேட்டு நீங்கள் மறுத்தவர்களுக்கு அந்த நாள் காலியாகிவிட்டது என்று ஒரு செய்தி போடுங்கள்.