வெளியூர்த் தேர்வு மையம்: வாசல் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: தேர்வு காலை 9.30க்கு. ராத்திரி வண்டி ஏறினால் 6 மணிக்கு இறங்கிவிடுவேன். ரூம் வாடகையும் மிச்சம். சரிதானே?

பதில்: 9.30ஐ மறந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டில் வாசல் மூடும் நேரம் என்று தனியாக ஒன்று இருக்கும். அது 8.30 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். வண்டி ஒன்றரை மணி தாமதமானால் மிஞ்சுவது ஒரு மணி. அதற்குள் குளித்து, சாப்பிட்டு, பையை எங்காவது வைத்துவிட்டு மையத்துக்குப் போயாக வேண்டும். முந்தின நாள் மதியத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள். வண்டி ரத்தானாலும் அடுத்த வண்டியில் போக அன்றைய சாயங்காலம் இருக்கிறது.

கேள்வி: மேப்பில் 12 நிமிஷம்னு காட்டுது. அரை மணி முன்னாடி கிளம்பினா தாராளம்.

பதில்: கூடுதல் நேரம் வைத்தது நல்லது. ஆனால் அந்த 12 நிமிஷம் நீங்கள் தேடிய நேரத்துக்கு உரியது. புறப்படும் நேரத்தைத் தேர்வு நாள் காலைக்கு மாற்றிப் பாருங்கள். தவிர, மேப் கொண்டுபோய் விடுவது வளாகத்துக்கு. தேர்வர்களை விடும் வாசல் பின்பக்கத் தெருவில் இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு வளாகம் உள்ள நிறுவனம் என்றால் தவறான இடத்துக்கே போய்விடலாம். பெயரை மட்டும் தேடாமல் சீட்டிலுள்ள தெருவையும் அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிடுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை நேரில் போய், காவலாளியிடம் எந்த வாசல், பை வைக்க இடமுண்டா என்று கேட்டுவிடுங்கள். சாயங்காலம் ஆன நேரத்தை அப்படியே காலைக்கு நம்பாதீர்கள், நெரிசல் வேறு. 8.30க்கு வாசல் மூடுமானால் 7.30க்கு அங்கே நிற்க வேண்டும். பயணத்துக்கு 30 நிமிஷம், வண்டி பிடிக்க 15 நிமிஷம். ஆக, அறையை விட்டுக் கிளம்புவது 6.45.

கேள்வி: தங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்லதா, மையத்துப் பக்கமா?

பதில்: மையத்துப் பக்கம். நடந்து 20 நிமிஷத்துக்குள் இருந்தால் வண்டி கிடைக்குமோ என்ற கவலையே இல்லை. எல்லாத் தேர்வர்களும் அங்கேயே தேடுவதால் சீட்டு வந்த அன்றே பதிவு செய்யுங்கள். போனிலேயே கேட்க வேண்டியவை: நீங்கள் சேரும் நேரத்தில் அறை தருவார்களா, மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அன்று ராத்திரி அங்கே விசேஷம் ஏதாவது இருக்கிறதா. தெருவையும் லிஃப்டையும் ஒட்டாத அறையாகக் கேளுங்கள். தேர்வு முடியும் முன்பே காலி செய்யும் நேரம் வந்துவிடும் என்றால், காலையில் கணக்கு முடித்துவிட்டுப் பையை வரவேற்பறையில் ஒப்படைக்கலாம். இதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு மையம் உள்ளூர்தான். ஆனா முந்தின ராத்திரி தூக்கமே வராது. வெளியூர் போறவங்க எப்படித்தான் தூங்கறாங்க?

பதில்: அவர்களும் சரியாகத் தூங்குவதில்லை. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சின்னச் சத்தத்துக்கும் விழிப்பது அதனால்தான். காதடைப்பான் ஓரளவு உதவும். இருவருக்கும் பொதுவானது காபி. குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் ஏறக்குறைய பாதி காஃபின் உடம்பில் இருக்கும், அதனால் மதியத்தோடு நிறுத்துங்கள். பழக்கமில்லாத தூக்க மாத்திரையை அன்றைக்கு முதன்முதலாகப் போடவே கூடாது. மறுநாள் காலையும் மந்தம் விடாமல் இருக்கலாம்.

கேள்வி: பையன் நாலு தடிப் புத்தகத்தைப் பையில வெச்சிருக்கான். விடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தடிப் புத்தகத்தைத் திறந்தால் படிக்காத பக்கம்தான் கண்ணில் படும், அதைத் துரத்தியே ராத்திரி போய்விடும். அவரே கைப்பட எழுதிய குறிப்பு பத்துத் தாள் போதும்: சூத்திரங்கள், அடிக்கடி குழம்பும் இடங்கள், மாதிரித் தேர்வில் செய்த தவறுகள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அதுவும் தாளை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கும் விதத்தில். தடுமாறிய இடத்தை மட்டும் திறந்து பார்க்கட்டும். புதுப் பாடமும் முழு மாதிரித் தேர்வும் அன்றைக்கு வேண்டாம். காலையில் ஒரே ஒரு தாள், அதையும் வாசலுக்கு வருமுன் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

கேள்வி: நண்பனும் நானும் ஒரே ரூம் போடலாமா?

பதில்: இதில் எனக்கே இரண்டு மனம். காலையில் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொள்ளலாம், அது பெரிய பலம். ஆனால் ஒருவர் 12 மணிவரை விளக்குப் போட்டுப் படித்தால் இருவர் தூக்கமும் கெடும். விளக்கணைக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் முன்பே பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் போன தடவை ராத்திரி வண்டியிலதான் போனேன். ஒண்ணும் ஆகலையே?

பதில்: அன்று வண்டி நேரத்துக்கு வந்தது. இந்தத் தடவையும் அப்படியே போவதென்றால், நீங்கள் ஏறும் வண்டிக்கு அடுத்த வண்டியும் வாசல் மூடுமுன் கொண்டுசேர்க்குமா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.