மேலே கதவு மூடினால் கீழே என்ன கேட்பார்கள்? மாஸ்லோ, ஆல்டர்ஃபர் பற்றிய கேள்வி பதில்

நெட் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: மேடம், மனிதரை இயக்குவது உடல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் திறனை முழுதாக எட்டும் தன்னிறைவு என்ற ஐந்து தேவைகள் என்றார் உளவியலாளர் மாஸ்லோ. பின்னால் வந்த உளவியலாளர் ஆல்டர்ஃபர் அவற்றை இருப்பு, உறவு, வளர்ச்சி என மூன்றாகச் சுருக்கினார். அவ்வளவுதானே வித்தியாசம்? கைடில் ஒரு அட்டவணை போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த அட்டவணையில்தான் கோளாறே. மேல் இரண்டை ஒன்றாக்கி, கீழ் இரண்டை ஒன்றாக்கி, நடுவில் இருப்பதை அப்படியே விட்டதுபோல அதில் தெரியும். ஆல்டர்ஃபர் பெட்டிகளைச் சேர்த்ததோடு நிற்கவில்லை, இரண்டு பெட்டிகளைக் குறுக்கே வெட்டினார்.

முதல் வெட்டு பாதுகாப்பில். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், இயந்திரத்தில் கை சிக்காது என்கிற நிம்மதி இருப்புத் தேவைக்குப் போகிறது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்த மாட்டார் என்கிற நிம்மதி உறவுத் தேவைக்குப் போகிறது. மாஸ்லோவிடம் இரண்டும் ஒரே பெட்டி.

இரண்டாவது வெட்டு மதிப்பில். அடுத்தவர் தரும் மதிப்பு உறவுத் தேவை. ஒரு வேலையைச் செய்து முடித்து, 'இது எனக்கு வருகிறது' என்று தனக்குத்தானே தெரிந்துகொள்வது வளர்ச்சித் தேவை. 'சிறந்த ஊழியர்' கேடயம் கொடுத்தும் ஆள் சோர்ந்தே இருக்கிறார் என்று கேள்வியில் வந்தால் இந்த வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேடயம் உறவுப் பக்கத்தை நிரப்பியிருக்கிறது, வளர்ச்சிப் பக்கத்தைத் தொடவே இல்லை.

இன்னொரு தேர்வர்: மாஸ்லோ ஒரு படி முழுசா நிறைந்தால்தான் அடுத்த படி என்றார். ஆல்டர்ஃபர் அதை மறுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும் என்றார். இதுதான் என் குறிப்பு. சரியா?

பாதி சரி. ஒரே நேரத்தில் பல தேவைகள் இயங்கும் என்பதை ஆல்டர்ஃபர் அழுத்திச் சொன்னது உண்மை. ஆனால் 'முழுசா' என்ற சொல் மாஸ்லோவுடையது அல்ல. 1943 கட்டுரையில் அவரே ஓர் உதாரணம் தருகிறார்: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்னிறைவு 10 சதவீதம் நிறைந்திருக்கலாம் என்று. அவை அளந்து எடுத்த எண்கள் அல்ல, விளக்குவதற்காகக் கையில் வந்ததை எழுதியவை. ஆனாலும் ஒரு படியை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிற கணக்கு அவரிடம் இல்லை என்பதற்கு அது போதும். நாம் வரைகிற பிரமிடும் அவர் வரைந்ததல்ல, பின்னால் வந்தவர்கள் கைவேலை.

உண்மையான பிளவு வேறு இடத்தில் இருக்கிறது. மாஸ்லோவிடம் ஒருவர் கீழே வருவது கீழ்த் தேவைக்கே ஆபத்து வந்தால்தான். வேலை போகும் என்று தெரிந்ததும், ஓவியக் கனவை ஓரமாக வைத்துவிட்டு வாடகையை நினைப்பார். ஆல்டர்ஃபரிடம் கீழே ஒரு குறையும் இல்லாதபோதும் ஒருவர் இறங்கி வருவார். காரணம், மேலே கதவு மூடியிருக்கிறது. இதைத்தான் பின்வாங்கல் என்கிறார்கள்.

பி.காம். மாணவர்: பின்வாங்கல்னா ரெக்ரெஷன்தானே மேடம்? அதற்கு எக்ஸ், ஒய் எல்லாம் எடுத்து கோடு வரைய வேண்டுமா?

இல்லை தம்பி, அது புள்ளியியல் தாளில் வரும் ரெக்ரெஷன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் வந்த குழப்பம். இங்கே அர்த்தம், ஒரு தேவை கிடைக்காத விரக்தியில் அதற்குக் கீழே உள்ள தேவையை முன்பைவிட அதிகமாக நாடுவது. கோடு வரைய வேண்டாம்.

மீண்டும் முதல் மாணவி: ஒரு மாதிரி வினா: 'நல்ல சம்பளமும் நல்ல சகாக்களும் உள்ள ஊழியருக்குப் பயிற்சி வாய்ப்பு தொடர்ந்து மறுக்கப்படுகிறது. அவர் இப்போது அதிகச் சம்பளம் கேட்கிறார். எந்தக் கோட்பாடு?' ஆல்டர்ஃபர் என்று போட்டேன். அதுதானே?

மதிப்பெண் கிடைக்கும், அதையே போடுங்கள். ஆனால் கேள்வியே கொஞ்சம் அவசரமாக எழுதப்பட்டது. ஆல்டர்ஃபர் தன் கோட்பாட்டை ஏழு கூற்றுகளாக எழுதினார். அவற்றில் பின்வாங்கலைப் பற்றியவை இரண்டு. வளர்ச்சி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு உறவை நாடுவார்கள் என்பது ஒன்று. உறவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு இருப்புத் தேவையை, அதாவது பணம், சலுகை, வசதியை நாடுவார்கள் என்பது இன்னொன்று. வளர்ச்சியிலிருந்து நேராகப் பணத்துக்குக் குதிக்கும் கூற்று எதுவும் இல்லை. நடுவில் ஒரு படி உண்டு. உங்கள் வினாவில் சகாக்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அப்படியானால் அவர் முதலில் அவர்களிடம்தான் போயிருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஏன் வந்தார் என்பதற்கு வினாவில் பதில் இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருப்பவர்: தேர்வு எழுதுபவன் இல்லை மேடம், என் பிரச்சினையைச் சொல்கிறேன். ஆறு வருடமாக ஓவர்லாக் தைக்கும் ஒருவர். சொந்தக் காசில் பேட்டர்ன் வரையக் கற்றுக்கொண்டு சாம்பிள் செக்‌ஷன் கேட்டார். லைன் உற்பத்தி குறையும் என்று கொடுக்கவில்லை. அப்புறம் அவர் லைனில் சீட்டு நடத்துவது, பிறந்தநாள் கொண்டாடுவது, டீ நேரத்தை இழுப்பது என்று ஆனார். பேச்சு அதிகம் என்று அந்தக் கூட்டத்தையே வேறு வேறு லைனுக்குப் பிரித்துவிட்டோம். இப்போது கூலி உயர்வு கேட்கிறார். ஷிஃப்டுக்கு 40 ரூபாய் ஏற்றினோம். மூன்று மாதத்தில் மறுபடி வந்து நிற்கிறார். இது பேராசையா, ஆல்டர்ஃபரா?

மேலே சொன்ன நடுப்படியை நீங்களே வரிசையாகச் சொல்லிவிட்டீர்கள். சாம்பிள் செக்‌ஷன் மறுக்கப்பட்டது வளர்ச்சிக்கு விழுந்த தடை. சீட்டும் பிறந்தநாளும் அவர் உறவுப் பக்கம் சாய்ந்ததன் அடையாளம். நிர்வாகம் அதை ஒழுங்கீனமாகப் படித்து, லைனைப் பிரித்து, இரண்டாவது கதவையும் மூடியது. மிச்சம் இருந்த ஒரே கதவு கூலி. அந்தக் கதவை அவர் தட்டும்போதுதான் உங்களுக்குச் சத்தம் கேட்கிறது.

40 ரூபாயில் அவர் ஏன் அடங்கவில்லை என்பதற்கும் ஆல்டர்ஃபரிடம் ஒரு விளக்கம் உண்டு. வளம் குறைவாக உள்ள இடத்தில் இருப்புத் தேவை பங்குபோடும் விஷயம், ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். அவருக்கு ஏற்றியதும் பக்கத்து டெய்லர் வந்து கேட்டிருப்பாரே? உறவு அப்படியல்ல, இருவரும் சேர்ந்துதான் நிறைவார்கள், சேர்ந்துதான் குறைவார்கள். உறவுக்கான பசியைக் கூலியால் நிரப்பினால், அந்தப் பசி போகாது, பக்கத்தில் இருப்பவருக்கும் பொறாமை வரும்.

ஆனால் உடனே ஆல்டர்ஃபர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். முதலில் அவர் கூலிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். லைன் மாறியதில் ஓவர்டைம் குறைந்திருக்கிறதா? வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, கடன் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா? அப்படி இருந்தால் இது பின்வாங்கலே இல்லை. இருப்புத் தேவை குறைந்தால் இருப்புத் தேவையே கூடும் என்கிற முதல் கூற்று, நேரடிப் பற்றாக்குறை. அதற்குக் கூலிதான் மருந்து. அப்புறம் அவர் எதைச் சொல்லிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். 'பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை' என்பது வேறு, 'நேற்று வந்தவனுக்கும் எனக்கும் ஒரே கூலியா' என்பது வேறு. இரண்டாவதில் பேசப்படுவது ரூபாய், கேட்கப்படுவது மரியாதை.

கூலிச் சீட்டில் குறையில்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். கூலியைத் தொடாமல், வாரம் இரண்டு நாள் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார வையுங்கள். ஆறேழு வாரத்தில் கூலிப் பேச்சு தணிந்தால் தடை மேலேதான் இருந்தது. தணியாவிட்டால் என் கணிப்பு தவறு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சித் தேவை நிறைய நிறையக் கூடும் என்பதும் அந்த ஏழில் ஒன்று. இரண்டு நாள் கொடுத்தால் நான்கு நாள் கேட்பார். அதை மறுபடி பேராசை என்று எடுத்துக்கொண்டால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஓய்வு பெற்ற மனிதவள அதிகாரி: அம்மா, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆல்டர்ஃபர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வங்கியின் 110 ஊழியர்களிடம் கொடுத்த கேள்வித்தாள். ஒரே சமயத்தில் எடுத்த படம். அதை வைத்து 'இது தடைபட்டதால் பிறகு அது கூடியது' என்று எப்படிச் சொல்வது? நடந்த பிறகு எதை வேண்டுமானாலும் இந்த மூன்று பெட்டிக்குள் போடலாமே.

ஐயா சொல்வது நியாயம்தான். 'தடை, அதன் பிறகு நாட்டம்' என்பதில் காலம் இருக்கிறது. ஒருமுறை கொடுத்த கேள்வித்தாளில் காலம் இல்லை. 1972-இல் ஆல்டர்ஃபர் புத்தகமாக எழுதியபோது வேறு நிறுவனங்களின் தரவையும் சேர்த்தார், ஆனாலும் எல்லாக் கூற்றுகளுக்கும் ஒரே அளவு ஆதாரம் கிடைக்கவில்லை. மாஸ்லோவும் இந்தச் சோதனையில் தேறியவர் அல்ல. ஹால், நூகைம் என்ற ஆய்வாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் இளம் மேலாளர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்திருந்தார்கள். ஒரு படி நிறைந்ததும் அடுத்தது எழுவது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆட்கள் மாறினார்கள், ஆனால் அந்த மாற்றம் பணிவாழ்க்கையின் கட்டங்களோடுதான் அதிகம் ஒத்துப்போனது.

நடந்த பிறகு பொருத்துவது சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் திருப்பூர்க்காரருக்குக் கணிப்பை முன்கூட்டியே சொல்லி, எப்போது அது தவறாகும் என்றும் சொன்னேன். ஒரே ஆளை வைத்துச் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது என்றால், அதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

ஓய்வு பெற்ற அதிகாரி: செக்‌ஷன் மாற்றியதும் அவர் மீது கவனம் விழுகிறது. அந்தக் கவனத்தாலேயே தணியலாம். அப்போது அது வளர்ச்சியா, உறவா?

பிரிக்க முடியாது, இந்தச் சோதனையில் முடியாது.

செவிலியர் ஒருவர்: எங்கள் வார்டில் எப்போதும் சண்டைதான் மேடம். எங்களுக்கு உறவுத் தேவை சுத்தமாக நிறையவில்லை என்று அர்த்தமா?

அவசியமில்லை. கோபத்தை வெளியே சொல்ல முடிவதும் உறவுத் தேவைக்குள்ளேயே வரும் என்றார் ஆல்டர்ஃபர். அவர் பார்வையில் உறவு நிறைவுக்கு எதிர்ப்பதம் சண்டை இல்லை, விலகல். சத்தம் போட்டுவிட்டு ஒன்றாகச் சாப்பிடுகிற வார்டு ஒரு வகை. வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு அவரவர் செல்போனைப் பார்க்கிற வார்டு இன்னொரு வகை. உங்களுடையது எது?

செவிலியர்: சாப்பாடு ஒன்றாகத்தான். ஆனால் மூன்று பேர் தனியாகப் போய் உட்காருவார்கள்.

அந்த மூன்று பேர் இப்போது நைட் டியூட்டி அலவன்ஸைப் பற்றி மற்றவர்களைவிட அதிகமாகப் பேசுகிறார்களா என்று ஒரு மாதம் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள்.

திருப்பூர்க்காரர்: மேடம், கூலிச் சீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். லைன் மாறியதிலிருந்து அவருக்கு ஓவர்டைம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சாம்பிள் செக்‌ஷனைப் பற்றி அதற்கு அப்புறம் பேசுவோம்.