பட்டத்தின் பெயர் வேறு, அறிவிக்கையில் கேட்பது வேறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு டிகிரி முடித்திருக்கிறேன். அரசு வேலைக்கு ஆகுமா? (வேலூர்)

எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எந்தப் பதவி? இந்த நான்கும் இல்லாத கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பட்டச் சான்றிதழை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் அச்சாகியிருக்கும் பெயரை அடைப்புக்குறி உட்பட எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்புங்கள்.

டிப்ளமோ முடித்து பி.இ.,யும் படித்தவன் நான். ஒரு பதவிக்கு ஐடிஐ கேட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய படிப்பு படித்தவனை எப்படி வேண்டாம் என்பார்கள்? (ராணிப்பேட்டை)

சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். மேல்படிப்பு படித்தவரிடம் கீழ்ப்படிப்பும் தானாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜாகூர் அகமது ராதர் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதே விஷயத்தில்தான். அங்கே கேட்டிருந்தது ஐடிஐ, வந்தவர்களிடம் இருந்தது டிப்ளமோ. எந்தப் படிப்பு எதற்கு இணை என்பதைப் பணியமர்த்தும் அரசுதான் முடிவு செய்ய வேண்டும், நீதிமன்றம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஜோதி வழக்கில் வேறு மாதிரித் தீர்ப்பு வந்ததே என்று சிலர் கேட்பார்கள். அது கேரளத்து வழக்கு. கீழ்த்தகுதியை உள்ளடக்கிய மேல்தகுதியை ஏற்கலாம் என்று அந்த மாநிலப் பணி விதியிலேயே ஒரு வரி இருந்தது. உங்கள் பதவிக்கான விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐடிஐ சான்றிதழ்தான் வேண்டும்.

அறிவிக்கையில் பி.இ., என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். என்னுடையது பி.டெக்., (காட்பாடி)

அந்த வேறுபாடு பொதுவாகச் சிக்கல் ஆவதில்லை. அதற்குப் பின்னால் வரும் பாடப்பிரிவின் பெயரைப் பாருங்கள், தகராறு வருவது அங்கேதான்.

நான் படித்தது எம்.எஸ்சி., பயன்பாட்டு வேதியியல். பணியிடத்துக்குக் கேட்பது எம்.எஸ்சி., வேதியியல். இரண்டும் ஒன்றுதான் என்று எங்கள் கல்லூரியில் முத்திரையுடன் கடிதம் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பித்துவிட்டு, அரசாணையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா? (ஆரணி)

செய்யாதீர்கள். இந்த ஒரு கடிதத்தை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

'இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்கு இணை' என்று சொல்லும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்கு இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணிகளைப் பொறுத்தவரை உயர்கல்வித் துறை வெளியிடும் இணைத்தன்மை அரசாணைதான் செல்லும். அதற்கு முன் இணைத்தன்மைக் குழு இரண்டு பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். இணை என்பது ஊகித்துக்கொள்ளும் விஷயம் அல்ல, குறிப்பிட்ட ஆணையாக வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்று குரு நானக் தேவ் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. உங்கள் பட்டம் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் வழங்கியது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பட்டம் செல்லும் என்பது ஒன்று, இந்தப் பதவிக்குச் செல்லும் என்பது இன்னொன்று. கல்லூரிக் கடிதம் முதலாவதைத் தாண்டி எதையும் நிரூபிக்காது. அதை வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கிற பிள்ளை தேர்வும் எழுதி, மதிப்பெண்ணும் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறது. கடிதம் கொடுப்பவர்கள் 'இது அரசாணை ஆகாது' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ பேருடைய ஓராண்டு மிச்சமாகும்.

முதலில் ஏற்கெனவே அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். உயர்கல்வித் துறையின் அரசாணைகளை அரசு இணையதளத்தில் பார்க்கலாம். கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல் முழுவதும் படியுங்கள். இந்த ஆணைகள் 'இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் இன்ன பட்டம்' என்றுதான் எழுதப்படுகின்றன. வேறொரு பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு வேதியியலுக்கு ஆணை இருந்தால் அது உங்களுக்கு ஆகாது, பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஆகாது. அடுத்து, எந்த நோக்கத்துக்காக இணை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேற்படிப்புக்கு மட்டும் என்று இருந்தால் வேலைக்கு உதவாது. பதவிக்கு இளநிலையும் அதே பாடத்தில் வேண்டும் என்று அறிவிக்கை சொன்னால் இரண்டு பட்டங்களையும் தனித்தனியே சரிபாருங்கள். முதுநிலைக்கான ஆணை இளநிலையைக் காப்பாற்றாது.

ஆணை இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உயிர்நாடி பாடத்திட்டம். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை, எல்லாப் பருவங்களுக்கும், பதிவாளர் அலுவலகச் சான்றுடன் வாங்குங்கள். இப்போது இணையதளத்தில் கிடக்கும் பாடத்திட்டம் உங்களுக்குப் பிறகு திருத்தப்பட்டதாக இருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் உள்ள தாள் பெயர் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும். அதன் பக்கத்தில் எம்.எஸ்சி., வேதியியல் பாடத்திட்டத்தை வைத்துத் தாள் தாளாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை நீங்களே தயாரியுங்கள். கரிம, கனிம, இயற்பிய வேதியியலுக்கு உங்கள் படிப்பில் எத்தனை தாள், எத்தனை அலகு என்று அதில் தெரிய வேண்டும். உதாரணமாக 20 தாளில் 15 தாள் உள்ளடக்கத்தில் பொருந்தினால் உங்கள் வாதம் வலுவானது. பாதித் தாள்கள் சாயம், பாலிமர், தோல் பதனிடுதல் என்று போயிருந்தால் பெயரில் வேதியியல் இருந்தும் பயனில்லை.

இனி நாள் கணக்கு. ஒருவர் ஜனவரியில் விண்ணப்பிக்கிறார், மே மாதம் குழு கூடிச் சாதகமாகப் பரிந்துரைக்கிறது, பணியிட அறிவிக்கை ஜூன் 10 அன்று வருகிறது, அரசாணை ஜூலை 3 தேதியிட்டு வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி விதிப்படி அந்த ஆணை அந்தப் பணியிடத்துக்குச் செல்லாது. அறிவிக்கை நாளன்றோ அதற்கு முன்போ பிறப்பிக்கப்பட்ட ஆணைதான் கணக்கு. பட்டம் பல ஆண்டுக்கு முன் வாங்கியது, குழு மே மாதமே ஒப்புக்கொண்டது என்று வாதாடிப் பயனில்லை, ஆணையின் தேதியைத்தான் பார்ப்பார்கள். அதே ஆணை அடுத்த அறிவிக்கைக்குத் தாராளமாகச் செல்லும். ஆகவே அறிவிக்கை வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். மற்றத் தேர்வு வாரியங்களின் அறிவிக்கைகளிலும் இணைத்தன்மை பற்றிய பத்தியைத் தேடி, அதில் எந்த நாளைக் கெடுவாக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி., தோல் தொழில்நுட்பம் படித்தேன். இங்கே ஒரு பணியிடத்துக்கு எம்.டெக்., கேட்கிறார்கள். இரு நாட்டு ஒப்பந்தம் இருக்கிறதே, போதாதா? (ஆம்பூர்)

2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சொல்கிறீர்கள். ஓராண்டு முதுநிலைப் பட்டங்களுக்கு அது பெரிய விடிவு. ஆனால் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளை அதில் சேர்க்கவில்லை. எம்.டெக்., பதவிக்கு அதை நம்பி நிற்க முடியாது.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்றிதழை நெடுங்காலம் ஏஐயு எனப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தந்துவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கென்று தனி விதிமுறை வெளியிட்டது. இணையவழியில் விண்ணப்பித்தால் சுமார் 15 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அது. நீங்கள் விண்ணப்பிக்கும் பதவியின் அறிவிக்கையில் யாருடைய சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வாசகத்தையே திரும்பத் திரும்ப அச்சிடும் அலுவலகங்கள் உண்டு. படிப்பின் ஒரு பகுதியை வேறொரு நாட்டில், உரிமம் பெற்று நடத்தும் கிளையில் படித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பட்டங்களுக்கு இணைச் சான்றிதழ் கிடைக்காது.

கிடைத்த பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம். 'இந்திய முதுநிலைப் பட்டத்துக்குச் சமம்' என்று அந்தச் சான்றிதழ் சொல்வது படிப்பின் நிலையை. உங்கள் எம்.எஸ்சி., பதவி கேட்கும் எம்.டெக்., பாடத்துக்குப் பொருந்துமா என்பதைப் பணியமர்த்தும் அமைப்புதான் முடிவு செய்யும். விண்ணப்பிக்கும் முன் அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் 'ஆகும் சார், போடுங்க' என்று யாரோ சொன்னது சரிபார்ப்பு நாளில் கைகொடுக்காது.

என் மகள் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து வந்திருக்கிறாள். யுஜிசியில் இணைச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? (குடியாத்தம்)

வேண்டாம், வாங்கியும் பயனில்லை. எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுத்து, இங்கே பயிற்சிக் காலத்தை முடித்து, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு பெற வேண்டும். அரசு மருத்துவர் பணிக்கு அந்தப் பதிவு எந்தத் தேதிக்குள் இருக்க வேண்டும் என்பதை அறிவிக்கையில் பாருங்கள்.

பத்தாவது, பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., முடித்தேன். (திருப்பத்தூர்)

தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு ஆகாது. 18.08.2009 தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை 107ஐப் படியுங்கள். பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். இணைத்தன்மை கேட்டு விண்ணப்பித்து இதைச் சரிசெய்ய முடியாது.

வளைகுடா வேலைக்காகச் சான்றிதழில் தூதரக முத்திரை வாங்கியிருக்கிறேன். இதுவே இணைச் சான்றிதழ்தானே? (மேல்விஷாரம்)

இல்லை. சான்றிதழ் போலி அல்ல என்பதற்கு மட்டும்தான் அந்த முத்திரை. படிப்பின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

1998ல் பி.காம்., முடித்தேன். இணைத்தன்மைக்குப் பாடத்திட்டம் கேட்டுச் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போனால் தங்களிடம் இல்லை என்கிறார்கள். (வாணியம்பாடி)

இருக்காது. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியதே 2002ல்தான். உங்கள் சான்றிதழின் தலைப்பில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சேர்ந்த ஆண்டு, கல்லூரி, பதிவெண், தாள்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி, மதிப்பெண் பட்டியல்களின் நகலை இணைத்துச் சேப்பாக்கத்தில் உள்ள பதிவாளருக்கு விண்ணப்பியுங்கள். பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுக்க நாளாகும், எனவே அறிவிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.