பேக்கட்டுல மொதல்ல தேதிய பாருங்க, ரேஷியோ அப்புறம்

கேள்வி: கேஎல்-ல இருக்கேன். பிரிக்பீல்ட்ஸ் கடைல 60:40, 70:30, 80:20, ப்யூர்னு ஏகப்பட்ட ஃபில்டர் காபி பவுடர் அடுக்கி வச்சிருக்காங்க. வீட்டுக்கு எத வாங்குறது? ரோஸ்ட் சரியா இருக்கா, சிக்கரி எவ்ளோ, பழசா புதுசான்னு எப்டி கண்டுபிடிக்கிறது?

பதில்:

நான் செந்தூல்ல இருக்கேன், வீட்ல காலைல ரெண்டு சாயங்காலம் ரெண்டுன்னு நாலு டம்ளர் காபி தினமும் ஓடும், பதினஞ்சு வருஷமா இங்கதான் பவுடர் வாங்குறேன். மூணு விஷயம் கேட்டிருக்கீங்க, ஆனா நம்ம ஊருக்கு அதுல மொதல்ல பாக்க வேண்டியது பவுடர் பழசா புதுசாங்கறதுதான். சென்னைலயோ கும்பகோணத்துலயோ இருந்தா தெருமுனைல அரைச்சு சூடா கவர்ல போட்டு குடுத்துடுவாங்க, அங்க ரேஷியோ மட்டும் சொன்னா போதும். இங்க வர்றது அங்க அரைச்சு பேக் பண்ணி கப்பல்ல வந்து குடோன்ல கெடந்து அப்புறம் கடை ரேக்குக்கு வர்ற சரக்கு. காபிய அரைச்ச உடனே உள்ள இருக்கற வாயு பெரும்பகுதி கெளம்பிடும், அதோட வாசனையும் போக ஆரம்பிச்சிடும், காத்து பட பட காபில இருக்கற எண்ணெய் கெட்டுப்போகும். பேக்கட் நல்லா சீல் ஆகியிருந்தா கொஞ்சம் தாங்கும், அவ்ளோதான்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு தீபாவளி சமயத்துல. ஒரு கடைல 60:40 அரைக்கிலோ பேக்கட் ரெண்டு ஆஃபர்ல கெடைச்சுது. டிக்காஷன் இறக்கி பாத்தா கன்னங்கரேல்னு கெட்டியா இருக்கு, பாத்ததும் ஆஹான்னு இருந்துச்சு. பால் ஊத்தி குடிச்சா வாய்ல ஒண்ணுமே இல்ல, அட்டைப்பெட்டிய நனைச்ச மாதிரி ஒரு ருசி, கடைசில ஒரு கசப்பு. அம்மா ரெண்டு நாள் சக்கரை கூட போட்டு பாத்தாங்க, மூணாவது நாள் டீக்கு மாறிட்டாங்க. பேக்கட்ட திருப்பி பாத்தா இங்க ஒட்டின ஸ்டிக்கர் மேல எக்ஸ்பயரிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு தெரியுது, ஸ்டிக்கர உரிச்சா அடில பேக் பண்ண தேதி பத்து மாசத்துக்கு முன்னாடி.

இவ்ளோ பழைய பவுடர் ஏன் அவ்ளோ கெட்டியா இறங்குச்சுன்னு யோசிச்சதுலதான் விஷயமே இருக்கு. வறுத்த காபித்தூள்ல தண்ணில கரையக்கூடியது கால்வாசி சொச்சம்தான், சிக்கரில பாதிக்கு மேல கரைஞ்சிடும். நம்ம சின்ன ஃபில்டருக்கு 30 கிராம் போடுறோம்னு வைங்க. 60:40-ன்னா அதுல காபி 18 கிராம், சிக்கரி 12 கிராம். காபிலேர்ந்து நாலஞ்சு கிராம் இறங்கும், சிக்கரிலேர்ந்து ஆறு கிராமுக்கு மேல இறங்கும். அதாவது டிக்காஷன்ல இருக்கற கெட்டியும் கருப்பும் பாதிக்கு மேல சிக்கரியோடது. காபி செத்துப்போயி பத்து மாசம் ஆனாலும் சிக்கரி தன் வேலைய செஞ்சுடும், ஏன்னா அதுக்கு போறதுக்குன்னு அவ்ளோ வாசனை எண்ணெய் கெடையாது. அதனால டிக்காஷன் கலர வச்சும் கெட்டிய வச்சும் பவுடர் நல்லதுன்னு முடிவு பண்ணாதீங்க, பழைய பவுடர் தப்பிச்சு போறதே அந்த வழியாதான்.

கடைல என்ன பாக்குறதுன்னா, பின்னாடி பேக் பண்ண தேதிய தேடுங்க, பெஸ்ட் பிஃபோர் தேதி உதவாது ஏன்னா ஒரு கம்பெனி ஆறு மாசம் போடும் இன்னொண்ணு ஒரு வருஷம் போடும். ஸ்டிக்கர் அடில மறைஞ்சிருந்தா கடைக்கார அண்ணன்கிட்ட கேளுங்க, அண்ணே இது எப்ப பேக் ஆனதுன்னு, பொட்டிய பாத்து சொல்வாங்க, சொல்ல மாட்டேன்னா வேற பேக்கட் எடுங்க. நான் மூணு மாசத்துக்குள்ள இருந்தா எடுப்பேன், அதுக்கு மேல போனா ஆஃபர் போட்டாலும் எடுக்க மாட்டேன். அப்புறம் பேக்கட்ட கைல அமுக்கி பாருங்க. உள்ள கல்லு மாதிரி கட்டி தட்டுப்பட்டா ஈரம் ஏறியிருக்கு, சிக்கரி ஈரத்த இழுக்கற சாமான், நம்ம ஊரு காத்துக்கு சீல்ல ஒரு ஊசி ஓட்டை இருந்தா போதும். வேக்குவம் பேக் செங்கல் மாதிரி மொத்தமா இறுக்கமா இருக்கறது வேற, அத கட்டின்னு நெனச்சுடாதீங்க.

ரேஷியோ விஷயம். இந்தியாவுல சட்டப்படி காபி சிக்கரி கலவைல காபி 51 சதவீதத்துக்கு கொறையக்கூடாது, ரெண்டும் எத்தன சதவீதம்னு கவர்ல போட்டே ஆகணும். அதனாலதான் சில பேக்கட்டுல 53:47-னு விநோதமா ஒரு நம்பர் இருக்கும், அது அந்த கோட்டுக்கு கொஞ்சம் மேல நிக்கறது. முன்பக்கம் பெருசா இருக்கற பேர நம்பாம பின்னாடி பொடி எழுத்துல இருக்கற சதவீதத்த படிங்க. வெலைய பாக்கும்போதும் காபிக்கு மட்டும் கணக்கு போடுங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு, கால்கிலோ 60:40 இருவது வெள்ளி, கால்கிலோ 80:20 இருவத்தஞ்சு வெள்ளின்னு வைங்க. மொதல்ல இருக்கற காபி 150 கிராம், கிராமுக்கு 13 காசு சொச்சம். ரெண்டாவதுல 200 கிராம், கிராமுக்கு பன்னண்டரை காசு. வெல கொறைச்சலா தெரியறதுலதான் காபிக்கு கூட குடுக்கறோம்.

லூஸ்ல வாங்கினாலோ கவர்ல ஒண்ணும் எழுதலைன்னாலோ வீட்ல ஒரு டெஸ்ட் பண்ணலாம். கண்ணாடி டம்ளர்ல பச்சத்தண்ணி வச்சு மேல ஒரு ஸ்பூன் பவுடர தூவுங்க, கலக்காதீங்க. காபித்தூள் மேல மெதக்கும், சிக்கரி உடனே கீழ எறங்க ஆரம்பிக்கும், எறங்கும்போது பின்னாடி பழுப்பு கோடு கோடா இழுத்துட்டு போகும். இதுல சதவீதம் சொல்ல முடியாது, அத மட்டும் மனசுல வைங்க. ரொம்ப நைஸா அரைச்ச காபியும் கொஞ்ச நேரத்துல நனைஞ்சு எறங்கிடும். அதனால உங்களுக்கு ரேஷியோ தெரிஞ்ச ஒரு பவுடர பக்கத்து டம்ளர்ல போட்டு ரெண்டையும் சேர்த்து பாத்தாதான் ஏதாவது சொல்லலாம்.

ரோஸ்ட்டதான் பவுடர பாத்து சொல்றது கஷ்டம். சிக்கரி கலந்துட்டா கலர் பொய் சொல்லும், அதனால ருசியிலதான் பிடிக்கணும். டிக்காஷன் ஒரு ஸ்பூன் எடுத்து நாலு ஸ்பூன் வெந்நீர் ஊத்தி பால் சக்கரை இல்லாம வெதுவெதுப்பா குடிச்சு பாருங்க. சாம்பல், கரி மாதிரி அடிச்சா ரோஸ்ட் ஓவர். நாக்கு ஓரத்துல லேசா ஒரு புளிப்பு வந்து அப்புறம் கசப்பு வந்தா மீடியம். கருக்கின சக்கரை மாதிரி இனிப்பும் கசப்பும் சேர்ந்து தொண்டைல ஒட்டிட்டு நின்னா அது சிக்கரி. புளிப்பும் இல்லாம கரியும் இல்லாம மொட்டையா அட்ட ருசி வந்தா பவுடர் பழசு. நம்ம பித்தள ஃபில்டருக்கு மீடியத்த விட கொஞ்சம் டார்க்தான் சரியா வரும், ஏன்னா இதுல பிரஷர் கெடையாது, ஊத்தின தண்ணியும் இறங்கறதுக்குள்ள ஆறிடும், லைட் ரோஸ்ட்ல இருக்கறது முழுசா வெளிய வராது, வந்த புளிப்பும் பால்ல நல்லா இருக்காது. ரொம்ப டார்க்கும் வேண்டாம். எண்ணெய் வெளிய வந்துடறதால காத்து பட்டு சீக்கிரம் காறல் அடிக்கும், இங்க வந்து சேர்றதுக்குள்ளயே அடிச்சிடும்.

இன்னொண்ணு சொல்லணும், இங்க புதுசா வந்தவங்க நெறைய பேர் பண்ற தப்பு. நம்ம கோப்பி கடைல ஓடற கோப்பித்தூள் வேற. அது சக்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்தது, கருப்பா பளபளன்னு இருக்கும், துணி வடிகட்டில ஊத்தி எடுக்கறதுக்கு ஏத்தது. எனக்கு கோப்பி ஓ-வும் ரொம்ப பிடிக்கும், ஆனா அந்த தூள நம்ம ஃபில்டர்ல போட்டா ஓட்டை அடைச்சு ராத்திரி ஊத்தினது காலைல அப்டியே நிக்கும்.

இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்றேன். அந்த ரெண்டு பேக்கட் அனுபவத்துக்கு அப்புறம் காபியையும் சிக்கரியையும் பிரிச்சுட்டேன். இங்கயே வறுக்கற ஒரு சின்ன ரோஸ்டர்கிட்ட கொட்டையா 200 கிராம் வாங்குறேன். அராபிக்கா முக்கால்வாசி, ரொபஸ்டா கால்வாசி, மீடியம் டார்க், கவர்ல வறுத்த தேதி போட்டிருக்கணும். வறுத்து ஒரு வாரத்துலேர்ந்து மூணு வாரத்துக்குள்ள இருந்தா எடுப்பேன். அங்கயே அரைச்சு வாங்குறப்ப ஃபில்டருக்குன்னு சொன்னா சில பேருக்கு பேப்பர் ஃபில்டர்னு புரியுது, அது கொரகொரப்பா போயிடும், தண்ணி பத்து நிமிஷத்துல ஓடிடும், அதனால அத விட நைஸா, எஸ்பிரஸ்ஸோ அளவுக்கு போகாம அரைங்கன்னு சொல்லுவேன். சிக்கரி தங்கச்சி சென்னைலேர்ந்து வர்றப்ப கால்கிலோ கொண்டு வருவா, நனையாம வச்சா மாசக்கணக்குல கெடாது. 200 கிராம் காபிக்கு 50 கிராம் சிக்கரி, கையால கலந்துக்கறேன், அதுதான் 80:20. 30 கிராம் போட்டு 150 மில்லி கொதிச்ச தண்ணி ஊத்தறேன், புது பவுடர்னா ஊத்தின உடனே மேல பொங்கி நுரை கட்டும், அரை மணி நேரத்துல தொண்ணூறு மில்லி கிட்ட டிக்காஷன் இறங்கும், மிச்சம் பொடி குடிச்சுக்கும். அந்த பொங்கற டெஸ்ட்ட அரைச்ச பேக்கட் பவுடருக்கு வச்சு பாக்காதீங்க, அதுல வாயு எப்பவோ போயிருக்கும், புது பேக்கட்டே பொங்காது.

கொட்டை வாங்கறதுக்கெல்லாம் நேரமில்லன்னா கடைல 80:20 எடுங்க, கால்கிலோவுக்கு மேல வேண்டாம், அரைக்கிலோ வாங்கினா ரெண்டாவது பாதி வீணா போகும். பால் கெட்டியா கலந்து பழக்கம்னா 70:30 சரியா இருக்கும். கடைல பேக்கட் ரெண்டு இருந்து 60:40 புதுசா 80:20 எட்டு மாச பழசான்னா நான் புது 60:40-தான் எடுப்பேன். பிரிச்சதும் ஒரு வாரத்துக்கு வேணுங்கறத மட்டும் சின்ன எவர்சில்வர் டப்பால போட்டுட்டு மிச்சத்த நாலு சின்ன ஜிப் பையா காத்த அமுக்கி எடுத்து ஃப்ரீசர்ல வைங்க. ஒவ்வொண்ணா எடுத்து மூடினபடியே வெளிய வச்சு சூடு சமமானதும் பிரிங்க, ஜில்லுன்னு இருக்கறப்ப பிரிச்சா நம்ம ஊரு ஈரம் பவுடர் மேலயே வேர்த்து உக்காந்துடும்.