பள்ளி கேன்டீனில் தினமும் எவ்வளவு சாப்பாடு குப்பைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று எப்படிக் கணக்கெடுப்பது?

மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போன வருஷம் எங்கள் கேன்டீனில் திங்கள் முதல் வெள்ளி வரை இதைச் செய்தோம்.

மூன்று வாளி வேண்டும். காய் நறுக்கிய தோலும் காம்பும் ஒன்றில், பரிமாறாமல் அண்டாவில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது ஒன்றில். மூன்றையும் கலந்துவிட்டால் காரணம் பிடிபடாது. அண்டாவில் மிஞ்சினால் உலை வைத்த அளவு தப்பு, தட்டில் மிஞ்சினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. முதல் நாள் எங்கள் கணக்கே வீணானது. நாங்கள் எடை போடும் முன்பே, வழக்கம்போல மாட்டுக்காரர் வந்து கழனியை எடுத்துப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அவரை இரண்டரை மணிக்கு வரச் சொன்னோம்.

வெறும் வாளியின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ரசம் ஊறிய சோறு கனக்கும். அதனால் கழிவைச் சல்லடையில் கொட்டிப் பத்து நிமிஷம் வடியவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை போன்ற தின்ன முடியாதவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். தட்டுகளை எண்ணுவதும் முக்கியம், ஏனென்றால் மொத்தக் கிலோவை வைத்து ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது.

எங்கள் செவ்வாய்க்கிழமைக் கணக்கு இது. 240 தட்டு, தட்டில் மிஞ்சிய கழிவு 20.4 கிலோ. அதில் சக்கை 2.4, பொரியல் 4.8, சோறு 13.2. பிள்ளைகளுக்குக் காய் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் வாளியில் பெரும்பகுதி சோறு.

நல்லவேளையாக இரண்டு பந்திக்கும் தனித்தனி வாளி வைத்திருந்தோம். முதல் பந்தியில் சின்ன வகுப்புகள், 110 தட்டுக்குச் சோறு 4.4 கிலோ, அதாவது தட்டுக்கு 40 கிராம். இரண்டாம் பந்தியில் பெரிய பிள்ளைகள், 130 தட்டுக்கு 8.8 கிலோ. தட்டுக்குக் கிட்டத்தட்ட 68 கிராம்! வளர்ந்த பிள்ளைகள் கூடுதலாகக் கொட்டுவது எனக்குப் புரியவே இல்லை.

காரணத்தைக் கை கழுவும் குழாயடியில் நின்று கேட்டோம். "ஏன் கொட்டுற?" என்று கேட்டால் பயந்துபோய் "பிடிக்கல சார்" என்பார்கள். "எதனால எழுந்துட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். "பெல் அடிச்சிருச்சு சார்" என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர்களுக்கு 12 நிமிஷம்தான் கிடைத்தது. மறுசோறு வாங்க நேரமிருக்காது என்று முதலிலேயே நிறைய வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் பேசி, முதல் பந்தியைப் பத்து நிமிஷம் முன்னதாக விட்டோம். அப்புறம் அதே செவ்வாய், அதே சாப்பாட்டில் மறுபடி நிறுத்தோம். அன்றும் இரண்டாம் பந்தியில் 130 தட்டுதான், சோறு 5.2 கிலோ. புளியோதரை போடும் நாளோடு ஒப்பிட்டிருந்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இருந்திருக்காது.